கீறல் விழுந்த இரும்பும் துத்தநாகப் பூச்சும்

கேள்வி: பெயிண்ட் அடித்த கேட்டில் சின்னக் கீறல் விழுந்தாலே துரு வருகிறது, ஜிஐ தகட்டில் அவ்வளவாக வருவதில்லையே, ஏன்?

இரும்பின்மேல் நிற்கும் ஒரு துளி தண்ணீரே குட்டி பேட்டரிதான். துளியின் நடுவில் ஆக்சிஜன் குறைவு. அங்கே இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு Fe²⁺ என்ற இரும்பு அயனியாகக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகம் வழியாக விளிம்புக்கு ஓடி, ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து OH⁻ என்ற ஹைட்ராக்சைடு அயனியை உண்டாக்குகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் துரு படியும். அதனால்தான் குழி நடுவிலும், துரு வளையமாகச் சுற்றிலும் தெரியும்.

பெயிண்ட் பெரும்பாலும் வெறும் தடுப்புதான். கீறினால் துரு அதன் அடியிலேயே பரவிக் கொப்புளமாகக் கிளம்பும். ஜிஐ தகடு என்பது துத்தநாகம் பூசிய இரும்புதான். துத்தநாகமோ இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விடும். கீறலில் இரும்பு தெரிந்தாலும், ஈரம் இருக்கும்போது பக்கத்துத் துத்தநாகம்தான் கரையும். ஆனால் சில மில்லிமீட்டர் அகலக் கீறல்வரைதான் இந்தக் காவல். வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே துத்தநாகத் தூள் கலந்த பெயிண்ட் அடித்துவிடுங்கள்.