குரலோடு சேர்ந்து விழாத எழுத்து

காணொளியில் குரல் தொடங்கும் ஃபிரேமிலேயே திரையில் எழுத்தின் அசைவைத் தொடங்குகிறேன். ஆனாலும் சொல் பிந்தித் தெரிவது ஏன்?

அசைவின் தொடக்கத்தை அல்ல, அது முடிந்து எழுத்து நிலைகொள்ளும் ஃபிரேமையே குரலோடு பொருத்த வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒலி லேயரைத் தேர்ந்து L விசையை இருமுறை அழுத்தினால் அலைவடிவம் விரியும். ‘சேமிப்பு’ என்ற சொல்லில் முதலில் மெல்லிய சீறலும், பிறகு ‘ஏ’ ஒலியில் திடீர்ப் புடைப்பும் தெரியும்; காது தாளமாக உணர்வது அந்தப் புடைப்பைத்தான். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் காணொளியில் சீறல் 10ஆம் ஃபிரேமிலும் புடைப்பு 13ஆம் ஃபிரேமிலும் இருந்தால், 6 ஃபிரேம் நீளும் அசைவின் கடைசிக் கீஃபிரேமை 13இல் வைத்து, முதலாவதை 7க்கு நகர்த்துங்கள். ஓடும்போதே விசையைத் தட்டி மார்க்கர் இடுபவர்கள் (நானும் அப்படித்தான்) அதை அலைவடிவம் பார்த்துத் திருத்தியே ஆக வேண்டும், ஏனெனில் விரல் பெரும்பாலும் சற்றுப் பிந்தும். ஒரு ஃபிரேம் முந்தினால் உறுத்தாது. பிந்தினால் உடனே தெரிந்துவிடும்.