இலத்திரன் போனா அணுவெண் ஏன் கூடுது?

கேள்வி: சேர், நான் முள்ளியவளை, ஏ.எல் படிக்கிறன். C-14 பீற்றாத் தேய்வில ஒரு இலத்திரன் வெளிய போகுதுதானே, அப்ப அணுவெண் ஒண்டு குறைஞ்சு B-14 வரோணும், ஆனா விடையில N-14 கிடக்கு. எழுதின சமன்பாடு சரியோ எண்டு நானே எப்பிடிப் பாக்கிறது?

பதில்: நீர் எழுதினதையே முதல்ல கூட்டிப் பாப்பம்.

```
¹⁴₆C → ¹⁴₅B + ⁰₋₁e
```

மேல திணிவெண், இந்தப் பக்கம் 14, அந்தப் பக்கம் 14 + 0, சரி. கீழ இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 5 + (−1), அது 4. ரெண்டு குறையுது. இந்த ரெண்டைக் கவனியும். இலத்திரனுக்கு +1 போட வேண்டிய மாதிரி நினைச்சு −1 போட்டா எப்பவும் வித்தியாசம் ரெண்டாத்தான் வரும், அதனால கீழ ரெண்டு இடிச்சா மற்றதெல்லாத்தையும் விட்டிட்டு முதல்ல அடையாளத்தைப் பாரும்.

நீர் கழிச்சதுக்குக் காரணம், அந்த இலத்திரன் கருவுக்குள்ள ஏற்கனவே இருந்தது எண்டு நினைச்சது. அப்பிடி இல்லை, உள்ள ஒரு நியூத்திரன் புரோத்தனா மாறேக்கதான் அது உண்டாகுது. கீழ எழுதிற எண் உண்மையில ஏற்றக் கணக்கு. கடைக் கொப்பியில உம்மட பேரில இருந்த ஒரு ரூபாய்க் கடனை வேற ஒராள் பொறுப்பெடுத்தா உம்மட கணக்கு ஒண்டு ஏறும்தானே, அது மாதிரி இலத்திரன் −1 ஐக் கொண்டு போக கருவில +1 மிஞ்சுது.

```
¹⁴₆C → ¹⁴₇N + ⁰₋₁e
```

இப்ப கீழ 7 + (−1) = 6. அதோட கீழ் எண்ணும் குறியீடும் பொருந்துதோ எண்டும் பாக்கோணும், ஏனெண்டா 7 எண்டு சரியாக் கணிச்சுப்போட்டு பக்கத்தில பழையபடி C எண்டே எழுதிற பிள்ளையள் கனபேர், கூட்டிப் பாத்தா அந்தப் பிழை தெரியாது.

கூட்டினா தெரியாத வேற விசயமும் இருக்கு. உம்மட B-14 ஐ வச்சுக்கொண்டு இலத்திரனுக்குப் பதிலா பொசித்திரன் போட்டா 5 + 1 = 6, மேலயும் 14, ரெண்டும் வடிவாச் சமப்படும், ஆனா அது நடக்காது. B-14 அணு C-14 ஐ விடப் பாரமானது, அந்தச் சக்தி எங்கயிருந்து வரும்? திணிவெண் நியூக்கிளியோன்களை எண்ணுறது மட்டும்தான், உண்மையான திணிவை அது சொல்லாது. பீற்றாத் தேய்வில இலத்திரனோட சேந்து வெளிய போற அன்ரிநியூத்திரினோவும் அப்பிடித்தான், அதுக்கு மேலயும் கீழயும் 0, எழுதாம விட்டாலும் கணக்கு இடிக்காது. ஆனபடியா எண் சமப்படாட்டி சமன்பாடு கட்டாயம் பிழை, சமப்பட்டா அது நடக்கும் எண்டு மட்டும் எடுக்கக் கூடாது.

உண்மையில நடக்கிறது நீர் எழுதினதுக்கு மறுபக்கம், B-14 தான் ஒரு செக்கனில நூறில ஒரு பங்கு அளவு நேரத்தில இலத்திரனை விட்டிட்டு C-14 ஆகுது. அதை எழுதிக் கீழ் எண்ணைக் கூட்டிப் பாரும்.