ரீஸ்லிங் லேபிளில் இனிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

“ஒயின் வாங்குவதற்கு முன்பே லேபிளைப் பார்த்துத் திராட்சை, பிரதேசம், இனிப்பு, ஆல்கஹால் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள முடியுமா? இனிக்காது என்று நம்பி வாங்கிய ஒரு ஜெர்மன் ரீஸ்லிங் தேன்போல் இனித்துவிட்டது.”

முடியும். ஆனால் அந்த நான்கையும் தனித்தனியாகத் தேடக் கூடாது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். குமிழி இல்லாத சாதாரண ஒயின்களுக்கு, இனிப்பு நிலையை லேபிளில் எழுத வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி கட்டாயப்படுத்துவதில்லை. ஆல்கஹால் சதவீதத்தை எழுதுவது மட்டும் கட்டாயம். ஆகவே எழுதப்படாத இனிப்பை, எழுதப்பட்ட எண்ணிலிருந்து நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கு மிகத் தெளிவாக விளங்குவது உங்களை ஏமாற்றிய அதே ஜெர்மன் ரீஸ்லிங்கில்தான் என்பதால், அதையே விரிவாகச் சொல்கிறேன்.

திராட்சைச் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகும். சர்க்கரை முழுவதும் தீரும்வரை விட்டால் இனிப்பற்ற ஒயின் கிடைக்கும்; நடுவிலேயே தொட்டியைக் குளிரவைத்தோ ஈஸ்டை வடிகட்டியோ நொதித்தலை நிறுத்தினால், தீராமல் நின்ற சர்க்கரை இனிப்பாகத் தங்கிவிடும். அப்படியென்றால், சாற்றில் தொடக்கத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பது ஓரளவு தெரிந்தால், அதிலிருந்து ஆல்கஹாலாக மாறிய பங்கைக் கழித்து மிச்சத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

தொடக்கச் சர்க்கரையைச் சொல்லும் சொல் ஜெர்மன் லேபிளிலேயே இருக்கிறது. கபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ என்று காணும் சொற்கள் அறுவடையின்போது பழம் எந்த அளவு பழுத்திருந்தது, அதாவது சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதையே குறிக்கின்றன. இந்த வகை ஒயின்களில் ஆல்கஹாலைக் கூட்டுவதற்காகச் சாற்றில் வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்கத் தடை உண்டு என்பதால், கணக்கு கலப்படமில்லாமல் நிற்கிறது. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். அந்தச் சொற்கள் புட்டியில் இருக்கும் இனிப்பைச் சொல்பவை அல்ல. கொடியில் இருந்த பழத்தைப் பற்றியவை.

ஒரே தோட்டக்காரரின் இரண்டு புட்டிகள் உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ரீஸ்லிங் என்று திராட்சையின் பெயர், மோசல் என்று பிரதேசத்தின் பெயர், கபினெட் என்ற சொல், ஒரே ஆண்டு. ஒன்றின் ஓரத்தில் 8 சதவீதம் என்றும், மற்றதில் 11 சதவீதம் என்றும் சிறிய எழுத்தில் இருக்கிறது. இரண்டுக்குமான சாற்றில் லிட்டருக்குச் சுமார் 190 கிராம் சர்க்கரை இருந்தது என்று கொள்வோம். நன்கு பழுத்த கபினெட்டுக்கு இது பொருந்தும் அளவுதான். முதல் புட்டியில் 8-ஐ 17-ஆல் பெருக்கினால் 136 கிராம் தீர்ந்திருக்கிறது. மிச்சம் 54 கிராம், நாக்கில் உடனே தெரியும் இனிப்பு. இரண்டாவதில் 187 கிராம் தீர்ந்து மிச்சம் மூன்றே கிராம், இது இனிக்காது. திராட்சை, ஊர், பழுத்த நிலை எல்லாம் ஒன்றாக இருந்தும், அந்தச் சிறிய எண் ஒன்றுதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

இப்போது மூன்றாவதாக, அதே 8 சதவீதம் எழுதிய ஒரு ஷ்பேட்லேஸயை எடுங்கள். இதன் பழம் கூடுதலாகப் பழுத்தது என்பதால் தொடக்கச் சர்க்கரையை 210 கிராம் என்று வைத்தால், மிச்சம் 74 கிராம் வரும். எனவே ஆல்கஹால் ஒன்றாக இருக்கும்போது பழுத்த நிலையைச் சொல்லும் சொல் இனிப்பைக் கூட்டுகிறது. பழுத்த நிலை ஒன்றாக இருக்கும்போது ஆல்கஹால் எண் இனிப்பைக் குறைக்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் பார்ப்பவர் அரைச் செய்தியைத்தான் படிக்கிறார்.

எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர்ந்ததற்கு நேர் எதிர். பல ஆண்டுகளுக்கு முன், இனிப்பை விரும்பும் ஒரு பெரியவருக்குப் பரிசளிக்க, “ஷ்பேட்லேஸ என்றாலே இனிக்கும்” என்ற விற்பனையாளரின் சொல்லை நம்பி ஒரு புட்டி வாங்கினேன். அவர் முதல் வாய் குடித்துவிட்டு முகம் சுளிக்காமல் இருக்க முயன்றதை இன்றும் மறக்கவில்லை. வீடு திரும்பி, நான் படம் எடுத்து வைத்திருந்த லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், ஷ்பேட்லேஸ என்ற பெரிய எழுத்துக்குக் கீழே ட்ரோக்கன் என்ற சொல் மெல்லிய சாம்பல் நிறத்தில் இருந்ததும், மூலையில் 12.5 சதவீதம் என்று எழுதியிருந்ததும் தெரிந்தன. நன்கு பழுத்த பழத்தின் சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் ஆல்கஹாலாக மாறிய ஒயின் அது.

ட்ரோக்கன் என்றால் ஜெர்மனில் உலர்ந்தது என்று பொருள். ஒயினில் அது இனிப்பற்றது என்பதைக் குறிக்கும். லேபிளில் Trocken என்று எழுதியிருக்கும் ஏழெழுத்துச் சொல் அது. விதிப்படி இதில் லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். புளிப்பு போதுமான அளவு இருந்தால், அதாவது சர்க்கரையைவிட அமிலம் 2 கிராமுக்கு மேல் குறையாமல் இருந்தால், 9 கிராம் வரையும் அனுமதி உண்டு. அதன் முன்னால் ஹால்ப் என்று ஒட்டியிருந்தால் பாதி உலர்ந்தது. மெல்லிய இனிப்பு இருக்கும். ஃபைன்ஹெர்ப் என்ற சொல்லும் ஏறத்தாழ அதே இடத்தில் வழங்குகிறது. ஆனால் அதற்குச் சட்டம் அளவு எதையும் வகுக்கவில்லை என்பதால், அங்கே ஆல்கஹால் எண்ணைத்தான் நம்ப வேண்டும். இந்தச் சொற்களில் ஒன்றுகூட இல்லாமல் வெறும் கபினெட் என்றோ ஷ்பேட்லேஸ என்றோ இருந்து, எண்ணும் 9-க்குக் கீழே இருந்தால், அது இனிக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

புளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். மோசல் ஆற்றின் செங்குத்தான பலகைக்கல் சரிவுகளில், குளிர்ந்த வானிலையில் விளையும் ரீஸ்லிங்கில் அமிலம் மிகுதி. அதனால் அங்கே 50 கிராம் சர்க்கரை உள்ள கபினெட்கூடச் சர்க்கரைப் பாகுபோல் இராது. நன்கு பிழிந்த எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கலந்ததுபோல இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். பிரதேசத்தின் பெயரைப் படிப்பதன் பயன் இதுதான். அதைவிட வெயில் மிகுந்த ஃபால்ஸ் பிரதேசத்தின் பெயரோடு 12.5 அல்லது 13 சதவீதம் எழுதிய ரீஸ்லிங் கிடைத்தால், அதில் இனிப்பற்ற, வாயில் கனமாகத் தோன்றும் ஒயினை எதிர்பார்க்கலாம்.

ஊர்ப்பெயரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வேலனர் சொன்னன்ஊர் என்று லேபிளில் இருந்தால், வேலன் என்ற ஊரைச் சேர்ந்த சொன்னன்ஊர் என்ற தோட்டம் என்று பொருள். ஊர்ப்பெயரின் கடைசியில் சேரும் ‘அர்’ ஒலி நம் ‘மதுரைக்காரர்’ என்பதில் வரும் ‘காரர்’ போன்றது. ஆனால் பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஷன், பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க் என்ற இரண்டும் பார்வைக்கு ஒரே அமைப்பில் இருந்தாலும், முன்னது ஒரு தனித் தோட்டம். பின்னது பல ஊர்களின் தோட்டங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய பரப்பின் பெயர். 2025 வரையிலான அறுவடைகளின் ஒயின்களில் இந்த வேறுபாட்டை லேபிளின் அமைப்பு காட்டிக்கொடுக்காது. பெயரைத் தெரிந்து வைத்திருப்பதைத் தவிர வழியில்லை.

திராட்சையின் பெயர் எழுதியிருந்தால், ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 85 சதவீதம் அந்த வகையே இருக்க வேண்டும். பிரான்சின் பல ஒயின்களில் அந்தப் பெயரே இருக்காது. அங்கே ஊர்ப்பெயரைத்தான் திராட்சையாகப் படிக்க வேண்டும். ஷாப்லி என்றால் ஷார்டனே, வெள்ளைச் சான்சேர் என்றால் சொவிஞோன் பிளாங்க்.

இந்தக் கழித்தல் கணக்கு எங்கே தடுமாறும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய லேபிளில் ஆல்கஹால் முழு எண்ணாகவோ அரை எண்ணாகவோதான் எழுதப்படும்; உண்மை அளவு அதிலிருந்து பொதுவாக அரைச் சதவீதம் வரை விலகலாம். அந்த அரைச் சதவீதமே எட்டு ஒன்பது கிராம் சர்க்கரைக்குச் சமம் என்பதால், 54-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கணக்கு நிச்சயமாகப் பிடிக்கும். 12-க்கும் 5-க்கும் உள்ளதைப் பிடிக்காது. அமெரிக்க லேபிள்களில் 14 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள ஒயின்களுக்கு ஒன்றரைச் சதவீதம் வரை விலக அனுமதி இருப்பதால், அங்கே இதை நம்பவே கூடாது. ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்குச் செமியோன் 10, 11 சதவீதமே இருந்தும் சற்றும் இனிக்காது. பழம் அதிகம் பழுக்குமுன்னரே பறிக்கப்படுவதே காரணம். மறுபக்கம், போர்ட் ஒயின் 20 சதவீதம் இருந்தும் நன்றாக இனிக்கும், ஏனெனில் நொதித்தலின் நடுவில் வெளியிலிருந்து சாராயம் சேர்த்து ஈஸ்டை நிறுத்திவிடுகிறார்கள். தொடக்கச் சர்க்கரையைச் சொல்லும் சொல் இல்லாத இடத்திலும், ஆல்கஹால் வெளியிலிருந்து வந்த இடத்திலும் கணக்கு உடைந்துவிடும்.

அண்மை ஆண்டுகளின் ஐரோப்பிய ஒயின் என்றால் இன்னும் எளிய வழி உண்டு. 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு உற்பத்தியான ஒயின்களுக்கு ஊட்டச்சத்து விவரம் தருவது கட்டாயமாகியிருக்கிறது. பெரும்பாலோர் அதைப் பின்பக்க லேபிளின் கியூஆர் குறியீட்டில் வைக்கிறார்கள். அதைத் திறந்து சர்க்கரை என்ற வரியைப் பாருங்கள். 100 மில்லிலிட்டருக்கான கணக்கில் இருப்பதால் பத்தால் பெருக்கினால் லிட்டருக்கான அளவு கிடைக்கும், 5.2 கிராம் என்றிருந்தால் லிட்டருக்கு 52 கிராம்.

உங்களை ஏமாற்றிய அந்தப் புட்டியின் படமோ காலிப் புட்டியோ இன்னும் இருந்தால், மூலையிலுள்ள சதவீத எண்ணை ஒருமுறை பாருங்கள். அது 7-க்கும் 9-க்கும் நடுவே இருக்கும், ட்ரோக்கன் என்ற சொல் எங்கும் இருக்காது என்பதே என் ஊகம். அதே தோட்டக்காரர், அதே ஊர், அதே ரீஸ்லிங். ஆனால் ட்ரோக்கன் என்று எழுதி 11.5-க்கு மேல் எண் உள்ள புட்டியை எடுத்தால், நீங்கள் முதலில் தேடிய ஒயின் கிடைத்துவிடும்.