கிளைமே வாங்கலைங்க, பிரீமியம் ஏன் ஏறுது?

நாலு வருஷமா ஒரு ஆஸ்பத்திரி பில்லுகூட அனுப்பலைங்க. போன வருஷம் 24,000, இப்ப 31,000 கேக்கறாங்க. நியாயமுங்களா?
— விசைத்தறிக்காரர், சோமனூர்

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் மருத்துவக் காப்பீட்டில் பிரீமியத்தை உங்கள் ஒருவரின் கணக்கைப் பார்த்துப் போடுவதில்லை. அதே பாலிசியை வைத்திருக்கிற எல்லோரும் வாங்கிய கிளைமையும், ஏறிப்போன ஆஸ்பத்திரிச் செலவையும் வைத்து மொத்தமாக ஏற்றுகிறார்கள். கிளைம் வாங்காதவருக்குப் பெரும்பாலும் போனஸ்தான் கிடைக்கும். அதில் காப்புத் தொகை கூடுமே தவிர, பிரீமியம் குறையாது.

நீங்கள் அனுப்பிய நகலில் உங்களுக்கு 46 வயது ஆகியிருக்கிறது. பல கம்பெனிகள் 45 தாண்டினால் அடுத்த வயதுப் பிரிவில் சேர்க்கின்றன. குடும்ப பாலிசியில் மூத்தவரின் வயதுதான் கணக்கு. பொது ஏற்றமும் வயது ஏற்றமும் ஒரே வருடத்தில் வந்து விழுந்திருக்கின்றன. கிளைம் வாங்கியிருந்தாலும் இதே தொகைதான். வாங்கினார் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் ரினியூவலில் ஏற்றக் கூடாது.

வேற கம்பெனிக்குப் போனா, வீட்டுக்காரம்மா சர்க்கரைக்கு மூணு வருஷம் காத்திருந்தது வீணாயிருமுங்களா?
— கோழிப்பண்ணைக்காரர், பல்லடம்

ஆகாது, ‘போர்ட்’ செய்து, அதாவது பழைய பாலிசியின் தொடர்ச்சி விடாமல் மாறினால். சில நோய்களுக்கு முதல் சில வருடங்கள் பணம் தராமல் வைப்பதுதான் காத்திருப்புக் காலம்; பழைய பாலிசியில் கழித்ததைப் புதிய கம்பெனி கணக்கில் எடுத்தாக வேண்டும். ஆனால் அந்தச் சலுகை பழைய காப்புத் தொகைக்கும் சேர்ந்த போனஸுக்கும் மட்டுமே. உங்களுடையது 5 லட்சம், போனஸ் இரண்டரை லட்சம். புதிய இடத்தில் 10 லட்சத்துக்கு எடுத்தால், ஏழரை லட்சம் வரை சர்க்கரை சம்பந்தமான செலவுக்கு முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. மீதி இரண்டரை லட்சத்துக்குப் புதிதாகக் காத்திருக்க வேண்டும். பிரீமியம் குறையட்டும் என்று 5 லட்சத்துக்கே மாறினால் சேர்த்த போனஸ் போய்விடும்.

மாறுவதற்கு முன் அறை வாடகை வரம்பையும் பாருங்கள். நான் முதலில் வாங்கிய 3 லட்ச ரூபாய் பாலிசியில் நாளுக்கு 3,000 தான் வரம்பு. விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. 6,000 ரூபாய் அறையில் படுத்ததற்கு, அறை வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் கட்டணத்திலும் பாதியை வெட்டினார்கள். பிரீமியம் மலிவு என்று தேடிப் போகிறவர்களுக்கு இந்த வரிதான் கண்ணில் படுவதில்லை.

ஏஜெண்ட் ‘மாத்தித் தர்றேன்’னு சொல்லி வேற கம்பெனி பாலிசி குடுத்தார். மூட்டு ஆபரேஷனுக்கு ரெண்டு வருஷம் பொறுக்கணும்னு அதுல போட்டிருக்கு. பழசு முடிஞ்சு 12 நாள் ஆச்சுங்க.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, பொள்ளாச்சி

அம்மா, தப்பு உங்களுடையது அல்ல. இன்றைக்கே பழைய கம்பெனிக்குப் போங்கள். வருடப் பிரீமியம் கட்டுகிற பாலிசிக்கு முடிந்த தேதியிலிருந்து 30 நாள் சலுகை உண்டு. அதற்குள் கட்டினால் பழைய காத்திருப்புக் காலம் அப்படியே தொடரும். கட்டாமல் விட்ட நாட்களில் வந்த செலவுக்கு மட்டும் பணம் கிடைக்காது. ரசீது கைக்கு வந்த பிறகு புதிய பாலிசியைத் திருப்பிக் கொடுங்கள். கையில் கிடைத்து 30 நாள் வரை அதற்கு இடமுண்டு. சிறு பிடித்தம் போக மீதி வரும்.

இந்த வேலையைப் பார்த்தாலே எனக்குப் பொறுக்காது. போர்ட் என்றால் தனி விண்ணப்பம் உண்டு, பழைய பாலிசிகளின் நகல் வேண்டும், தேதிக்கணக்கு உண்டு. அந்தச் சிரமம் எதற்கு என்று பழையதைக் காலாவதியாக விட்டு, புதிதாக ஒன்றை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கியவருக்கு ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் தெரிகிறது. பாலிசித் தாள் வந்ததும் முதல் பக்கத்தில் இரண்டைத் தேடுங்கள்: ‘போர்ட்டபிலிட்டி’ என்ற குறிப்பும், முதன்முதலில் பாலிசி தொடங்கிய தேதியும். அந்த இடத்தில் இந்த மாதத் தேதி இருந்தால் அது போர்ட் அல்ல, புதுப் பாலிசி. ஏஜெண்ட் வாயால் சொன்னது எதுவும் அங்கே செல்லாது.

ரினியூவலுக்கு ஆறு நாள்தான் இருக்கு. மாறலாமா? — கோபி

வருடம் முழுக்க என்ன செய்தீர்கள்? போர்ட் விண்ணப்பத்தோடு ரினியூவலுக்கு 60 நாளுக்கு முன்பே போகக் கூடாது, 45 நாளாவது பாக்கி இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் புதிய கம்பெனி விரும்பினால் எடுக்கும், கட்டாயமில்லை. இந்த வருடம் பழைய கம்பெனியிலேயே கட்டுங்கள்.

பி.பி. மாத்திரை சாப்பிடறதை விண்ணப்பத்துல எழுதணுமா? — திருப்பூர்

எழுத வேண்டும்.

போர்ட் விண்ணப்பத்தைப் புதுக் கம்பெனி தள்ளிட்டாங்க. பழைய கம்பெனியும் கைவிட்டுருமுங்களா? — பெருந்துறை

புதிய கம்பெனி உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. பழைய கம்பெனி அதைக் காரணம் காட்டி ரினியூவலை மறுக்க முடியாது. அதனால்தான் புதியவர் சம்மதம் எழுத்தில் வரும்வரை பழையதை விடாதீர்கள் என்கிறேன். உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, கட்டிவிடுங்கள்.