தேர்வுக்கு முந்தைய இரவும் நினைவும்: கேள்வி பதில்

கேள்வி (இரண்டாமாண்டு மாணவி, கும்பகோணம்): காலை 10 மணிக்குப் பரீட்சை. ஐந்து யூனிட்டில் இரண்டைத் தொடவே இல்லை. விடிய விடியப் படித்தால் முடித்துவிடலாமா?

பதில்: பக்கங்களை முடித்துவிடலாம் அம்மா. பதிவதுதான் சந்தேகம். தூக்கம் கெட்ட மூளையில் புதிய செய்தியை வாங்கிக்கொள்ளும் ஹிப்போகாம்பஸ் மந்தமாகிவிடுகிறது. 2007இல் தூக்க ஆய்வாளர் மாத்யூ வாக்கர் குழுவினர் ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்குப் படங்களைக் காட்டினார்கள். பிறகு நன்றாகத் தூங்கவிட்டுச் சோதித்தபோதும், முன்பே தூங்கி வந்தவர்களைவிடக் குறைவாகவே அடையாளம் கண்டார்கள். முதலில் பதியாததைப் பின்னால் வரும் தூக்கம் மீட்டுத் தராது.

இரவு 2 மணிக்கு ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, நான்கு குறிப்புகள் எழுதிப் பாருங்கள். எழுத வராது, திறந்தால் மட்டும் எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். அந்தப் பரிச்சயம் ஒரு மார்க் கேள்விக்கு ஓரளவு உதவும், பத்து மார்க் கேள்விக்கு உதவாது.

ஆகவே 11 மணிவரை இரண்டு யூனிட்டிலும் தலைப்புகள், முக்கிய வரையறைகள், யூனிட்டுக்கு ஒரு சோதனை, அவ்வளவே. 11 முதல் 5 வரை தூக்கம். எழுந்து முகம் கழுவி அரைமணி போகட்டும். எழுந்தவுடன் மூளை மப்பாகத்தான் இருக்கும். பிறகு பார்க்காமல் எழுதி, விட்டுப்போனதை மட்டும் திரும்பப் படியுங்கள்.

கேள்வி (மாணவர், மன்னார்குடி): நினைவை உறுதிப்படுத்துவது கனவு வரும் ரெம் தூக்கம்தானே சார்? அது விடியற்காலையில்தான் அதிகம். 3 மணிக்குப் படுத்தால் போதாதா?

பதில்: பாதி சரி தம்பி. ரெம் பின்னிரவில் அதிகம் என்பது உண்மை. ஆனால் பாடச் செய்திகளை நிலைப்படுத்துவதில் ஆழ்ந்த மெதுஅலைத் தூக்கத்துக்கே ஆதாரம் வலுவாக உள்ளது. பகலில் பதிந்ததை ஹிப்போகாம்பஸ் அப்போது மறுபடி ஓட்டிப்பார்க்கிறது. மெல்ல அது மூளையின் மேலடுக்கான புறணியில் ஊன்றுகிறது. தாமதமாகப் படுத்தாலும் முதலில் வருவது ஆழ்ந்த தூக்கமே. ஆக நீங்கள் குறைத்துக்கொள்வது நீங்கள் நம்பியிருக்கும் ரெம்மைத்தான்! பாட நினைவில் ரெம்மின் பங்கு என்ன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

கேள்வி (முதலாமாண்டு மாணவர், திருவாரூர்): செமஸ்டர் முழுக்க ஐந்து மணி நேரமே தூங்குகிறேன். எனக்குப் பழகிவிட்டது. டிகிரி காபி இருந்தால் போதும்.

பதில்: பழகியது உங்கள் உணர்வுதான். 2003இல் வான் டோங்கன் குழு சிலரை 14 நாள் ஆறு மணி நேரமே தூங்கவிட்டது. கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. அவர்களோ தூக்கக் கலக்கம் அதிகமில்லை என்றே சொன்னார்கள். காபி, தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருள் மூளையில் ஒட்டும் ஏற்பிகளை மறைத்துக் கண்ணைத் திறந்துவைக்கும், தூக்கத்தின் வேலையைச் செய்யாது. பலருக்கு அதில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 4 மணியோடு டம்ளரைக் கவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி (மாணவி, மயிலாடுதுறை): நான் வேண்டுமென்று விழிக்கவில்லை. படுத்தாலும் பயத்தில் தூக்கம் வருவதில்லை.

பதில்: இது வேறு விஷயம். இருபது நிமிடம்போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது மட்டும் படுங்கள். கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம். முந்தைய நாட்களில் படித்துத் தூங்கிய பாடம் ஓர் இரவில் அழியாது. பரீட்சை முடிந்தும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள்.