கொலையா, கொலைக் குற்றமாகாத மரணமா: தேர்வுக் கேள்விகளில் குற்ற மனநிலையைச் சோதிப்பது பற்றிய கேள்வி பதில்

(விடையளிப்பவர் குற்றவியல் சட்டம் கற்பிப்பவர், பல ஆண்டுகளாக வினாத்தாள் தயாரிப்பவர்.)

இளம் விரிவுரையாளர் ஒருவர்: நான்கு விடைகளில் மூன்று தவறு என்று படித்தவுடனே மாணவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. நம்பத்தகுந்த தவறான விடைகளை எங்கிருந்து எடுப்பது?

தவறான விடையைக் கற்பனை செய்யத் தொடங்கினால் அது செயற்கையாகவே வரும். மாணவர் உண்மையில் செய்யும் ஒரு பிழையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, அந்தப் பிழையைச் செய்தவர் எந்த முடிவுக்கு வருவாரோ அதையே ஒரு விடையாக வையுங்கள். 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த விர்சா சிங் வழக்கை எடுத்துக்கொள்வோம். அதில் ஈட்டியால் வயிற்றில் ஒரே ஒரு குத்து விழுந்து, குடல் வெளியே வந்து, குத்துப்பட்டவர் மறுநாள் இறந்தார். அதைத் தழுவி நான் எழுதிய வினா இது:

‘அ’ என்பவர், பேச்சோ சண்டையோ ஏதுமின்றி, ‘ஆ’ என்பவரின் வயிற்றைக் குறிவைத்து ஈட்டியால் ஒருமுறை குத்துகிறார். மறுநாள் ‘ஆ’ இறக்கிறார். குறிவைத்த இடத்திலேயே காயம் விழுந்தது என்பதும், இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்க அந்தக் காயம் போதுமானது என்பதும் மெய்ப்பிக்கப்பட்டுள்ளன. கொல்லும் உள்நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை. ‘அ’ செய்த குற்றம் எது?

1. கொலைக் குற்றம், அந்தக் காயத்தை ஏற்படுத்தும் உள்நோக்கம் இருந்தது, காயமும் மரணத்துக்குப் போதுமானது.
2. கொலைக் குற்றமாகாத மரணம். காயம் மரணத்துக்குப் போதுமானது என்று அவர் அறிந்திருந்தது மெய்ப்பிக்கப்படவில்லை.
3. கொலைக் குற்றமாகாத மரணம். கொல்லும் உள்நோக்கம் இல்லாத இடத்தில் கொலைக் குற்றம் இல்லை.
4. கொலைக் குற்றமாகாத மரணம். ஒரே குத்து என்பதால் மரணம் விளைவிக்கக்கூடிய காயமாக மட்டுமே அதைக் கருத முடியும்.

சரியான விடை முதலாவது. மூன்றாவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவில் முதல் கூறை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கானது. நான்காவது, ‘மரணம் விளைவிக்கக்கூடிய’ காயத்துக்கும் ‘மரணம் விளைவிக்கப் போதுமான’ காயத்துக்கும் உள்ள அளவு வேறுபாட்டைக் காயங்களின் எண்ணிக்கையோடு குழப்பிக்கொள்பவருக்கானது. மிகவும் பயனுள்ளது இரண்டாவதுதான், ஏனெனில் நன்றாகப் படித்தவரும் அங்கேதான் தடுமாறுகிறார். காயத்தை ஏற்படுத்தும் உள்நோக்கம் குற்றம் செய்தவரின் மனத்தைப் பற்றியது. அந்தக் காயம் போதுமானதா என்பது அவர் மனத்தைச் சாராமல், மருத்துவச் சான்றைக் கொண்டு முடிவாகும் பொருண்மை. நீதிபதி விவியன் போஸ் அந்தத் தீர்ப்பில் பிரித்துக் காட்டியது இந்த இரண்டையும்தான். உள்நோக்கத்தைக் காயத்தின் விளைவு வரை நீட்டிவிடும் மாணவர் இரண்டாவதைத் தேர்வார்.

வழக்கறிஞர் ஒருவர்: நிகழ்வில் ‘சண்டை ஏதுமின்றி’ என்று எழுதியது தேவையற்ற நீட்டல் இல்லையா? உண்மையான வழக்குகளில் சண்டை இருக்கத்தானே செய்யும்?

உண்மையான வழக்குகளில் இருக்கும் என்பது சரி. அதனாலேயே வினாவில் அதை விலக்க வேண்டியிருக்கிறது. ‘வாய்த்தகராறு முற்றி’ என்று இயல்பாக எழுதிவிட்டால் திடீர்ச் சண்டை என்ற விதிவிலக்கு உள்ளே வந்துவிடும். ‘திட்டியதால் ஆத்திரமுற்று’ என்றால் திடீர் ஆத்திரமூட்டல் என்ற விதிவிலக்கு வந்துவிடும். இரண்டிலும் குற்றம் கொலைக் குற்றமாகாத மரணமாகக் குறைய வாய்ப்பிருப்பதால், கூர்மையான மாணவர் நாம் தவறென்று வைத்த விடையை நியாயமாகவே தேர்வு செய்வார். தவறான விடை ஒவ்வொன்றின் கதவையும் சாத்தும் ஒரு சொற்றொடராவது நிகழ்வுரையில் இருக்கிறதா என்று நான் விரல் வைத்துப் பார்ப்பது வழக்கம்.

நீதிபதித் தேர்வுக்குப் படிப்பவர்: உள்நோக்கம் இல்லாமல் அறிந்திருத்தல் மட்டும் இருந்தால் கொலைக் குற்றம் வராது என்று நினைவில் வைத்திருக்கிறேன். இது போதுமா?

பெரும்பாலான வினாக்களில் இது கைகொடுக்கும், ஆனால் அது பாதி உண்மைதான். காரணம் ஏதுமின்றிக் கூட்டத்தை நோக்கிச் சுடுபவருக்கு யாரையும் குறிப்பாகக் கொல்லும் எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் மரணம் விளைவது ஏறக்குறைய உறுதி எனும் அளவுக்குத் தம் செயல் ஆபத்தானது என்று அறிந்தே செய்வதால், 101இன் நான்காம் கூறின்படி அது கொலைக் குற்றம். உங்கள் நினைவு வாசகத்தை அப்படியே ஒரு தவறான விடையாக வைத்தால் அந்த வினாவுக்கு நல்ல பயன் உண்டு.

ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர்: மனைவியை அடித்து, இறந்துவிட்டதாக நினைத்துத் தூக்கில் மாட்டிய ஒருவர் மீது நாங்கள் 302 போட்டோம். பிரிவு தவறு என்கிறீர்களா?

இல்லை ஐயா. முதல் தகவல் அறிக்கையில் பிரிவைக் குறிப்பது குற்ற மனநிலையைத் தீர்மானிப்பது ஆகாது. அது விசாரணைக்கான தொடக்கம் மட்டுமே. ஆனால் நீங்கள் சொன்ன நிகழ்வு வினா எழுதுபவருக்கு மிகவும் தேவையான ஒன்று. 1919இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு முடிவு செய்த பழனி கவுண்டன் வழக்கும் இதே போன்றது. கலப்பைக் கொழுவால் தலையில் அடித்த கணவர், மயங்கிய மனைவி இறந்துவிட்டதாக எண்ணி, தற்கொலை போலத் தோன்றத் தூக்கில் மாட்டினார். அந்தத் தூக்கினால்தான் மரணம் நேர்ந்தது. பிணம் என்று கருதிய உடலைத் தூக்கியவரிடம் மரணம் விளைவிக்கும் உள்நோக்கமோ அறிவோ இல்லை என்பதால், மரணம் விளைவித்த குற்றம் அவர்மீது நிற்கவில்லை. முதல் அடிக்கான குற்றமே நின்றது.

இதை நான் இரட்டை வினாவாக எழுதுவேன். முதல் வினாவில் அடித்தவருக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. இரண்டாவதில் கொல்லவே அடித்தார் என்ற ஒரே ஒரு மாற்றம். விடைகள் நான்கும் இரண்டிலும் ஒன்றே. இரண்டாவது நிகழ்வில், கொல்லும் நோக்கத்துடன் தொடங்கிய இரு செயல்களும் ஒரே நிகழ்வின் பகுதிகளாகக் கொள்ளப்படுவதால் கொலைக் குற்றமே. ‘இரு செயல்களும் ஒரே நிகழ்வு’ என்ற விடை இரண்டாவதில் சரியாகவும் முதலாவதில் பொறியாகவும் அமையும்.

முதலில் கேட்ட விரிவுரையாளர்: முதல் அடியில் கொல்லும் எண்ணம் இல்லை, ஆனால் இறக்கக்கூடும் என்ற அறிவு இருந்தது என்று மூன்றாவது வினா எழுதலாமா?

கட்டுரை வினாவாக எழுதுங்கள். ஒரே நிகழ்வு என்ற கோட்பாட்டை அந்த நிலைக்கு நீட்டலாம் என்று வாதிட இடமுண்டு, கூடாது என்றும் வாதிடலாம். எனக்கு நீட்டக் கூடாது என்றே தோன்றுகிறது. என் கருத்தை விடைக்குறிப்பாக வைத்து மதிப்பெண்ணைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை.

தேர்வுப் பிரிவு அலுவலர்: பழைய பிரிவு எண்ணா, புதியதா?

நிகழ்வின் தேதியைச் சொல்லிவிடுங்கள். 2024 ஜூலை 1க்கு முன் நடந்ததற்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 299, 300. அதன்பின் சன்ஹிதாவின் 100, 101. எண்ணையே தவறான விடையாக்கினால் நினைவாற்றலைத்தான் சோதிப்பீர்கள்.

இளம் விரிவுரையாளர்: தவறான விடைகள் வேலை செய்தனவா என்று தேர்வுக்குப் பின் எப்படி அறிவது?

மொத்த மதிப்பெண்ணில் மேல்நிலையில் உள்ள 27 சதவீதத்தினரையும் கீழ்நிலையில் உள்ள 27 சதவீதத்தினரையும் பிரித்து, ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்று எண்ணுங்கள். நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தொடாத விடை வெறும் இடநிரப்பி. மேலே காட்டிய வினாவின் பழைய வடிவில் நான்காவதாக ‘கவனக்குறைவால் மரணம்’ என்று வைத்திருந்தேன். ஈட்டியால் குத்தியதைக் கவனக்குறைவு என்று யாரும் நம்பவில்லை. அதைவிடக் கவலை தந்தது இன்னொன்று. நன்றாகப் படிப்பவர்களே சரியான விடையை விட்டு, காயம் ஏற்படுத்தும் உள்நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று சொன்ன விடையை அதிகம் தேர்ந்திருந்தார்கள். தாளை மீண்டும் படித்தபோதுதான் ‘வயிற்றைக் குறிவைத்து’ என்ற சொற்கள் என் நிகழ்வுரையில் இல்லை என்று தெரிந்தது. வேறெங்கோ ஓங்கிய குத்து தவறி வயிற்றில் விழுந்திருக்கலாம் என்று அவர்கள் எண்ணியது சட்டப்படி சரி. அந்த வினாவுக்கு இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தேன்.