மூன்று வாரம் தாண்டிய இருமல்: நீங்கள் கேட்டவை

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இருமலைப் பற்றித்தான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து நான்கு கேள்விகளாக எடுத்துக்கொண்டேன்.

டாக்டர், எனக்கு 41 வயது. நாலு வாரமாக இருமல். காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன். ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிபி டெஸ்ட்டுக்குச் சளி கொடுக்கச் சொல்கிறார்கள். எதற்கு?

சாதாரண சளிக்காய்ச்சலுக்குப் பின் வரும் இருமல் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். காசநோய் நிறைய இருக்கும் நம் நாட்டில், தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டம் இரண்டு வார இருமலுக்கே சளியைப் பார்க்கச் சொல்கிறது. மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் எடைக் குறைவும் நோய் கொஞ்சம் முற்றிய பிறகுதான் பலருக்கு வரும். சிலருக்கு இருமல் மட்டும்தான் அடையாளம்.

நீடிக்கும் இருமலுக்குக் காசநோய், ஆஸ்துமா, வயிற்றிலிருந்து வரும் எதுக்களிப்பு என்ற மூன்று காரணங்களை இங்கே பார்க்கப்போகிறோம். அவற்றில் காசநோயை முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஆஸ்துமாவோ எதுக்களிப்போ ஒரு மாதம் தாமதமாகத் தெரிந்தால் நீங்கள் மட்டும்தான் சிரமப்படுவீர்கள். காசநோய் ஒரு மாதம் தாமதமானால் அதே அறையில் தூங்கும் குழந்தைக்கும் தொற்றலாம். அதனால் சளியைக் கொடுத்துவிடுங்கள். அரசு மையங்களில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.

அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய் உண்டு. ஆறு வாரமாக இருமல். சளி டெஸ்ட்டில் 'இல்லை' என்று வந்துவிட்டது. இடையில் மெடிக்கலில் கொடுத்த லெவோஃப்ளாக்ஸசின் ஐந்து நாள் சாப்பிட்டார், நன்றாகக் கேட்டது. இப்போது மறுபடியும் இருமல். டிபி இல்லை என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. முதலில் சளியை எப்படிக் கொடுத்தார் என்று கேளுங்கள். பலரும் டப்பாவில் எச்சிலைத் துப்பிவிட்டு வருகிறார்கள், அதில் கிருமி கிடைக்காது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து, சில நொடி அடக்கி, நெஞ்சின் அடியிலிருந்து இருமிக் கொண்டுவர வேண்டும். கெட்டியாக, குறைந்தது 2 மில்லி இருந்தால் நல்லது. அறைக்குள் வேண்டாம், மொட்டை மாடி மாதிரி காற்றோட்டமான இடத்தில் நின்று எடுக்கட்டும்.

அடுத்து, எந்தப் பரிசோதனை செய்தார்கள் என்று பாருங்கள். மைக்ராஸ்கோப்பில் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். சிபிநாட், ட்ரூநாட் எனப்படும் மரபணுப் பரிசோதனைகள் சில நூறு கிருமிகள் இருந்தாலே கண்டுபிடித்துவிடும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அவற்றில் அறியலாம். அதனால் மைக்ராஸ்கோப்பில் 'இல்லை' என்று வந்தால் விசாரணை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அந்த லெவோஃப்ளாக்ஸசின்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் மருந்து. ஐந்து நாளில் நோய் குணமாகாது. ஆனால் இருமல் குறையும், சளியில் கிருமி எண்ணிக்கையும் குறையும், டெஸ்ட் 'இல்லை' என்று வந்துவிடலாம். நோயாளி நிம்மதியாக இருக்க, நோய் உள்ளே வளரும். மருந்து எதிர்ப்புள்ள காசநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று என்பதால், இதை இப்படி வீணடிக்கவும் கூடாது. இனி சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

அப்பாவுக்கு நெஞ்சு எக்ஸ்-ரே எடுத்து, நல்ல காலைச் சளியை மரபணுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். வழக்கமாக நுரையீரலின் மேல்பகுதியில் தெரியும் நிழல் அவர்களுக்குக் கீழ்ப்பகுதியில் தெரிந்து, நிமோனியா என்று தவறாக எடுத்துக்கொள்ளப்படுவதும் உண்டு. லெவோஃப்ளாக்ஸசின் சாப்பிட்ட தேதியை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சளியில் ரத்தம் வந்தால் அன்றைக்கே போங்கள்.

எனக்கு 34 வயது, ஆசிரியை. இரண்டு மாதமாக வறட்டு இருமல். சளியே வருவதில்லை. எக்ஸ்-ரே சரியாக இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு இருமல் எழுப்பிவிடுகிறது. சாக்பீஸ் தூசியும் ஊதுபத்தியும் ஆகவில்லை. வீசிங் கிடையாது, ஊதும் டெஸ்ட்டும் நார்மல். ஆனாலும் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று, மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கச் சொன்னார்கள். காலையில் 310, மாலையில் 380 வருகிறது. இரண்டு வாரமும் ஏறக்குறைய இப்படித்தான். இன்ஹேலர் பழகிவிடுமோ என்று பயம்.

உங்கள் டாக்டர் சரியான வழியில்தான் போகிறார். இருமல் மட்டுமே வெளியே தெரியும் ஆஸ்துமா உண்டு. அதில் மூச்சுக்குழாய் எப்போதும் சுருங்கி இருக்காது. விடியற்காலையில் சுருங்கும், பகலில் விரிந்துவிடும். காலை பதினோரு மணிக்கு லேபில் ஊதினால் நார்மலாக வருவது இதனால்தான். அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கத்தான் வீட்டில் காலையும் மாலையும் ஊதச் சொன்னார்கள்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 380-க்கும் 310-க்கும் வித்தியாசம் 70. இரண்டின் சராசரி 345. 70-ஐ 345-ஆல் வகுத்தால் சுமார் 20 சதவீதம். இரண்டு வாரச் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினாலே பெரியவர்களுக்கு ஆஸ்துமாவைச் சந்தேகிக்க வேண்டும். விடியற்காலை இருமல், தூசி, ஊதுபத்தி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கும் ஆஸ்துமா என்றே படுகிறது.

இன்ஹேலர் அடிமைப்படுத்தாது. ஒரு சால்பியூட்டமால் மாத்திரையில் 4 மில்லிகிராம் இருக்கும், இன்ஹேலரில் ஒரு முறை இழுத்தால் 0.1 மில்லிகிராம்தான். நாற்பதில் ஒரு பங்கு, அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. ஆனால் சால்பியூட்டமால் குழாயை விரிக்க மட்டும்தான் செய்யும். உள்ளே இருக்கும் அழற்சியைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். அது மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரியலாம், முழுப் பலனுக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். மூன்றாம் நாளே 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படரும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. எக்ஸ்-ரேகூட எடுக்காமல் ஸ்டீராய்டு மாத்திரையில் இருமலை அடக்கப் பார்க்காதீர்கள். காசநோய் இருந்தால் சில நாள் சுகமாக இருப்பதுபோல் தெரியும், பிறகு நோய் வேகமாகப் பரவும்.

நெஞ்செரிச்சலே கிடையாது. ஆனால் மூன்று மாத இருமலுக்குக் கேஸ் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். இருமலுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. வயிற்றில் இருப்பது தொண்டை வரை எதுக்களித்து வந்து உறுத்தலாம். அங்கு வராமல் உணவுக்குழாயின் அடியிலேயே நின்றாலும், அங்குள்ள நரம்பு மூச்சுக்குழாய் நரம்போடு தொடர்புடையது என்பதால் இருமலைத் தூண்டும். அதனால் எரிச்சல் இல்லாமலும் எதுக்களிப்பு இருமல் வரலாம். சாப்பிட்ட பின், குனியும்போது, படுத்தவுடன், அதிகம் பேசும்போது இருமல் வருகிறதா, குரல் கம்முகிறதா என்று கவனியுங்கள்.

ஆனால் நெஞ்செரிச்சல் இல்லாதவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையால் பெரும்பாலும் இருமல் குறைவதில்லை. அதனால் இதைக் கடைசியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சளியும் எக்ஸ்-ரேயும் மூச்சுப் பரிசோதனையும் முடிந்துவிட்டனவா என்று முதலில் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறீர்களா என்றும் பாருங்கள். அந்த வகை மாத்திரை, தொடங்கிப் பல மாதம் கழித்தும் வறட்டு இருமல் தரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் வேறு வகைக்கு மாற்றித் தருவார். மாற்றிய பின் ஒன்று முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம் ஆகும்.

அதற்குப் பிறகும் எதுக்களிப்புதான் என்று தோன்றினால், மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன் வெறும் வயிற்றில் போடுங்கள். சாப்பிட்ட பின் போட்டால் பலன் குறைந்துவிடும். இரவுச் சாப்பாட்டைப் படுக்கப்போவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும், எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். எட்டு வாரம் இப்படிச் செய்தும் இருமல் குறையவில்லையென்றால், டாக்டரிடம் சொல்லி மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.